ஷட்டரா, கலிங்கா: நாங்க கலிங்கு பக்கம் போனதுக்கு காரணம்

அஞ்சு பழைய ஷட்டர் இருந்த ஒரு சின்ன அணை. அந்த ஷட்டர்களுக்கு வயசாயிடுச்சு, புதுசா ஷட்டரே போடறதா, இல்ல அத மொத்தமா எடுத்துட்டு ஏரில இருக்கற மாதிரி தண்ணி தானா வழிஞ்சு போற கலிங்கு கட்டறதான்னு பேச்சு வந்துச்சு. பாதி பேரு ஷட்டர், பாதி பேரு கலிங்கு. நான் ஆரம்பத்துல இருந்தே கலிங்கு பக்கம், கடைசில அதுதான் கட்டுனோம், அதனால இது நடுநிலையா எழுதறது இல்லன்னு முதல்லயே சொல்லிடறேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்த சீக்கிரமா முடிச்சிடறேன். ஷட்டர் வச்சா ஷட்டரோட மேல் விளிம்பு வரைக்கும் தண்ணி நிறுத்தி வைக்கலாம், அதே உயர அணைல அதிக தண்ணி நிக்கும். கலிங்குல வழியற மட்டத்துக்கு மேல இருக்கற இடம் சாதாரண நாள்ல காலியாத்தான் கிடக்கும். அதே தண்ணிய வெளியேத்த கலிங்குக்கு நீளமும் அதிகம் வேணும், நேரா கட்ட இடம் பத்தலன்னா சுவர வளைச்சு வளைச்சு கட்டி நீளத்த ஏத்தணும். இதெல்லாம் ஷட்டர் பக்கத்துக்கு நியாயமான பாயிண்டுதான்.

இப்ப வெள்ளத்த அணை எப்படி தாங்குதுன்னு ஒரு கணக்கு போட்டு பாப்போம். இது எங்க அணையோட அசல் கணக்கு இல்ல, புரியறதுக்காக உருண்டையா எடுத்த நம்பர். நீர்ப்பரப்பு 1000 ஏக்கர்னு வச்சுக்கோங்க. செகண்டுக்கு 12,000 கன அடி வீதம் ஒரு மணி நேரம் தண்ணி வந்தா அந்த 1000 ஏக்கர்ல கிட்டத்தட்ட ஒரு அடி ஏறும். கலிங்கு 300 அடி நீளம். அதுக்கு மேல ஒரு அடி உயரத்துக்கு தண்ணி வழிஞ்சா சுமாரா 1,200 கன அடி போகும், நாலடி உயரத்துக்கு வழிஞ்சா 9,600 போகும், அதாவது உயரம் நாலு மடங்கானா தண்ணி எட்டு மடங்கு. இந்த ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, கலிங்கோட பலமே இதுலதான் இருக்கு, ஆரம்பத்துல மெதுவா விடும், மட்டம் ஏற ஏற தானா அதிகமா விடும், யாரும் எதையும் தொட வேண்டாம்.

இப்ப ஒரு வெள்ளம் வருது. நாலு மணி நேரத்துல சைபர்ல இருந்து 24,000 கன அடிக்கு ஏறி, அடுத்த எட்டு மணி நேரத்துல வடிஞ்சிடுது. கலிங்கு வழியற மட்டத்துல தண்ணி நிக்கறப்போ இது வந்தா என்ன ஆகும்னு மணிக்கு மணி போட்டு பாத்தா, ரெண்டாவது மணி முடிவுல உள்ள வர்றது 12,000, வெளிய போறது வெறும் 1,100 சொச்சம். நாலாவது மணில உள்ள 24,000, வெளிய 7,200 மாதிரி. மீதி எல்லாம் அந்த 1000 ஏக்கர் மேல ஏறி நிக்குது. ஏழாவது மணி தாண்டி கலிங்கு மேல அஞ்சே கால் அடி தண்ணி ஓடறப்போதான் வெளிய போறது உச்சத்துக்கு வருது, அதுவும் 14,400 பக்கம்தான். 24,000 உச்சமா வந்த வெள்ளம் கீழ போறப்போ 14,400, அதுவும் மூணு மணி நேரம் தள்ளி. அப்புறம் ஒரு நாளுக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா வழிஞ்சு வடியும். வெள்ளத்த அணை தேக்குதுன்னா இதான் அர்த்தம், ஓடி வர்ற தண்ணிய முழுங்கறது இல்ல, அகலமா பரத்தி நேரத்த இழுத்து விடறது.

அதே அணைல அதே மேல்மட்டம் வரைக்கும் ஷட்டர் போட்டு, முழுசா ரொப்பி வச்சிருந்தா? ஏற்கனவே உச்ச மட்டத்துல நிக்குது, அதனால வர்றத அப்படியே விட்டாகணும், 24,000 வந்தா 24,000. தேக்கற வேலையே அங்க நடக்கல. நிரம்பி நிக்கற அணை வெள்ளத்த தடுக்கும்னு நெனைக்கறவங்க நிறைய பேர பாத்திருக்கேன், நிரம்பாத இடம்தான் தடுக்கும்.

ஆனா இங்க ஷட்டருக்கு அதோட பெருமைய கொடுத்துடணும். மழை வரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சு, பத்து மணி நேரம் 6,000 கன அடி வீதம் திறந்து விட்டு அஞ்சடி எறக்கி வச்சிருந்தாங்கன்னா, அதே வெள்ளத்த 8,500 கன அடிக்கு மேல போகாம அடக்கிடலாம். கலிங்கோட 14,400ஐ விட இது எவ்வளவோ மேல். கலிங்கால இப்படி முன்கூட்டி எறக்கவே முடியாது. பிரச்சனை என்னன்னா மழை ஏமாத்திட்டா அந்த அஞ்சடி, கால் டி.எம்.சி.க்கு கொஞ்சம் கம்மி, போனது போனதுதான், கோடைல அதுக்கு பதில் சொல்லணும். அந்த பயத்துல திறக்க தயங்குவாங்க. தயங்கற மனுஷன நான் குறை சொல்ல மாட்டேன், அந்த இடத்துல நின்னு பாத்தவங்களுக்கு தெரியும்.

அந்த தயக்கத்தோட விலை ஆத்துல இறங்கி நிக்கறவங்க தலைல விழுது. இதே கணக்குல, அணை நிரம்பி இருக்கு, ரெண்டு மணி நேரம் பொறுத்து பாக்கலாம்னு விட்டா மட்டம் ஒரு அடி ஏறிடும், அப்போ திறக்கறதா இருந்தா ஒரேயடியா 12,000 கன அடிக்கு மேல திறக்கணும். கலிங்கா இருந்தா அதே நேரத்துல 1,100தான் போயிட்டு இருக்கும். 200 அடி அகல ஆத்துல செகண்டுக்கு 7 அடி வேகத்துல 12,000 ஓடணும்னா எட்டடிக்கு மேல ஆழம் வேணும். கணுக்கால் தண்ணில துணி துவைச்சிட்டு இருக்கறவங்ககிட்ட நிமிஷக்கணக்குல அது வந்து சேருது. அங்க வெயில் அடிக்கும், மழையே இருக்காது, மழை பெஞ்சது எங்கயோ மேல மலைல. இயற்கையா ஆறு பெருகறப்போ முதல்ல நிறம் மாறும், குப்பை செத்தை வரும், கொஞ்சம் கொஞ்சமா ஏறும், கரைல இருக்கறவங்க அத படிச்சு பழகியிருக்காங்க. ஷட்டர் அந்த அறிகுறி எல்லாத்தையும் அழிச்சிடுது. அதுக்கு பதிலாத்தான் சைரனும் தண்டோராவும் மைக் வச்ச வண்டியும். நிரம்பறதுக்கு சில அடி இருக்கறப்பவே முதல் எச்சரிக்கை, அப்புறம் ரெண்டாவது, மூணாவதுன்னு மட்டத்த வச்சு சொல்றதும் அதுக்குத்தான், திறக்கற நிமிஷத்துல சொன்னா கரையேற நேரம் இருக்காது, ஆடு மாடு, மோட்டார் எல்லாத்தையும் மேல கொண்டு வரணும் இல்லயா.

இதுல இன்னொரு நுணுக்கம். படிப்படியா திறந்தா பாதுகாப்புன்னு சொல்வாங்க, சரிதான், ஆனா படிகளுக்கு நடுவுல போதுமான இடைவெளி விடணும். ஆழமான தண்ணி ஆழம் கம்மியான தண்ணிய விட வேகமா ஓடும், அதனால பின்னாடி திறந்த பெரிய தண்ணி முன்னாடி போன சின்ன தண்ணிய வழில புடிச்சிடும். அணை கிட்ட ரெண்டு படியா தெரிஞ்சது, தூரமா இருக்கற ஊருக்கு போறப்போ ஒரே செங்குத்து படியா போய் சேரலாம். அணைக்கு பக்கத்துல இருக்கறவன் தப்பிச்சு, பல கிலோமீட்டர் தள்ளி இருக்கறவன் மாட்டறது இப்படித்தான்.

சரி, எங்க முடிவ உண்மையிலேயே தீர்மானிச்ச விஷயத்துக்கு வர்றேன், அது பராமரிப்பு. ஷட்டர் வருஷத்துல பெரும்பாலான நாள் சும்மா இருக்கும், வேலை செய்யற ஒரு ராத்திரி கட்டாயம் வேலை செய்யணும். அது எப்படிப்பட்ட ராத்திரின்னா, கரண்ட் போயிருக்கும், ரோடு முறிஞ்சிருக்கும், மரக்கட்டை மிதந்து வந்து வாய்ல அடைச்சிட்டு இருக்கும். பழைய ஷட்டர சோதனைக்கு தூக்குன அன்னைக்கு ஆபரேட்டர் என்கிட்ட வந்து, "சார், மோட்டார் ஓடுது சார், ரோப் இழுக்குது, ஷட்டர் மட்டும் நகரல"ன்னு சொன்னாரு. பக்கவாட்டு ரோலர் துருப்பிடிச்சு உறைஞ்சு போயிருந்துச்சு. நல்ல வெயில் நாள், அவசரம் எதுவும் இல்ல, அதனால கிரீஸ் போட்டு தட்டி நகர வச்சிட்டோம். இதுவே வெள்ளத்துல நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சப்போ எனக்கு அன்னைக்கு தூக்கம் வரல.

நடந்தும் இருக்கு. 1982 அக்டோபர் 20, ஸ்பெயின்ல வலென்சியா பக்கம் தௌஸ் அணைல பெருமழைல கரண்ட் போச்சு, ஷட்டர திறக்க முடியல, தண்ணி அணை மேலயே ஏறி வழிஞ்சு அணைய அரிச்சிட்டு போச்சு. இதுக்கு நேர் எதிர் கேசு, 2024 ஆகஸ்ட் 10 ராத்திரி துங்கபத்ரா அணைல 19வது ஷட்டரோட சங்கிலி அறுந்து ஷட்டரே அடிச்சிட்டு போயிடுச்சு, பாரத்த குறைக்க மத்த ஷட்டர்களையும் திறந்து தண்ணிய விட வேண்டியதாச்சு, தற்காலிகமா தடுப்பு பலகை போட ஒரு வாரம் பக்கம் ஆச்சு. ஒண்ணு திறக்கல, இன்னொண்ணு மூடல. ரெண்டுமே கலிங்குல நடக்க வழியில்லாத கோளாறு.

இதனால ஷட்டர் வைக்கறவங்க செய்ய வேண்டியது என்னன்னா வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி எல்லா ஷட்டரையும் முழுசா ஏத்தி எறக்கி பாக்கணும், மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு போன வருஷத்தோட ஒப்பிட்டு பாக்கணும் (அது கூடுதுன்னா எங்கயோ உராய்வு கூடுதுன்னு அர்த்தம், கண்ணுக்கு எதுவும் தெரியாட்டியும்), ஜெனரேட்டர வெறுமனே ஸ்டார்ட் பண்ணி நிறுத்தாம ஷட்டர தூக்க வச்சு பாக்கணும், கையால சுத்தி தூக்க எத்தன பேரு, எத்தன மணி நேரம்னு ஒரு தடவையாவது செஞ்சு பாத்திருக்கணும். ஆளும் பணமும் நிரந்தரமா இருக்கற பெரிய அணைல இது நடக்கும். எங்கள மாதிரி சின்ன அணைல ஒரே ஆபரேட்டர் மூணு இடத்த பாத்துக்கறப்போ இதெல்லாம் பேப்பர்லதான் நடக்கும்னு எனக்கு தோணுச்சு, அதான் மேல் அஞ்சடிய விட்டுக்கொடுத்தோம்.

பெரிய அணைகள்ல எனக்கு அனுபவம் கம்மி, அங்க கலிங்கு மட்டும் போதும்னு நான் சொல்ல மாட்டேன். பள்ளத்தாக்கு குறுகலா இருந்து வெள்ளம் பெருசா இருந்தா அவ்வளவு நீளத்துக்கு சுவருக்கு எங்க போறது, ஷட்டர் இல்லாம வழியில்ல. குடிக்கவும் பாசனத்துக்கும் ஒவ்வொரு அடியும் தேவைப்படற இடத்துலயும் என் வாதம் எடுபடாது. கலிங்கு கட்டுனதுல எங்களுக்கு வந்த தொந்தரவையும் சொல்லணும், வெள்ளத்துல மட்டம் அஞ்சடி ஏறறப்போ கரையோர நிலம் ஒரு நாள் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள போகும், அந்த நிலத்துல வீடு, கொட்டகை எதுவும் வராம பாத்துக்கறது ஓயாத வேலையா இருக்கு.

சைரன நாங்க எடுக்கல. அடிமட்டத்துல சேறு தள்ள ஒரு சின்ன மதகு இன்னும் இருக்கு, அத திறந்தா சில நூறு கன அடிதான் போகும், ஆனா கலிங்கு வழியாத காஞ்ச நாள்லதான் பெரும்பாலும் திறப்போம், அப்போதான் கீழ ஆத்து மணல்ல பசங்க விளையாடிட்டு இருப்பாங்க. அரை மணி நேரம் முன்னாடி மூணு தடவ ஊதிட்டு, ஒரு ஆள நடந்து போய் பாத்துட்டு வர சொல்லி, அவரு போன் பண்ணதுக்கு அப்புறம்தான் கைப்புடிய சுத்தறோம்.