இடப்பெறுமானத் தாளில லட்சம் கோடியும் மில்லியனும்: கனகாலம் பாவிச்சதில கண்டது

கிளிநொச்சிப் பக்கம் பின்னேர வகுப்பு எடுக்கிற ஆள் நான், தரம் 5ல இருந்து 8 வரைக்கும் கணிதம். பெரிய எண் வாசிக்க, எழுதப் பழக்குறதுக்கு ரெண்டு விதமான இடப்பெறுமானத் தாள் கனகாலமா பாவிச்சு வாறன், அதைப் பற்றி எழுதச் சொல்லி ரெண்டு மூண்டு ரீச்சர்மார் கேட்டிருந்தினம், அதுதான் இது.

ஒண்டு எங்கட பள்ளிக்கூட முறையில மூண்டு மூண்டு இலக்கமா வலயம் பிரிச்ச தாள். வலப்பக்கம் அலகு வலயம், அதுக்கு இடப்பக்கம் ஆயிரம், பிறகு மில்லியன், பிறகு பில்லியன். மற்றது இந்தியாவில அச்சடிச்ச பயிற்சிப் புத்தகம் ஒண்டில இருந்து போட்டோக்கொப்பி எடுத்தது. அதில முதல் மூண்டு இலக்கம் சேந்து இருக்கும், பிறகு ஆயிரம், லட்சம், கோடி எண்டு ரெண்டு ரெண்டா போகும்.

பள்ளிக்கூடத்தில கேக்கிறது மில்லியன்தானே, மற்றத் தாள் உனக்கு என்னத்துக்கு எண்டு கேப்பியள். எங்கட ஊரில எழுதுறது ஒரு முறை, கதைக்கிறது வேற முறை, அதுதான் காரணம். பாங்க் புத்தகத்தைத் திறந்து பாருங்கோ, சம்பளச் சிட்டையைப் பாருங்கோ, கமா மூண்டு இலக்கத்துக்கு ஒருக்காத்தான் கிடக்கும். வாயில வாறது லட்சம். ஒரு பழைய உழவு மெசினுக்கு 4,750,000 எண்டு விலை போட்டிருந்தா வீட்டில ஒருத்தரும் "நாலு மில்லியன் எழுநூற்றைம்பது ஆயிரம்" எண்டு சொல்லமாட்டினம், "நாப்பத்தேழரை லட்சமாம்" எண்டுதான் சொல்லுவினம். அப்பிடிச் சொல்ல கண் என்ன செய்யுது எண்டு பாருங்கோ, 4க்குப் பிறகு கிடக்கிற கமாவைத் தாண்டி 7ஐ இழுத்து 4ஓட சேத்து 47 ஆக்குது, மிச்ச 50,000ஐ அரை லட்சமா மாத்துது. பெரியாக்களுக்கு இது தெரியாமலே நடக்கும். பிள்ளைக்கு அந்த 47 தாளில எங்க இருக்கு எண்டு காட்ட மூண்டு வலயத் தாளில ஒரு இடமும் இல்ல, ஏனெண்டா 4 ஒரு பெட்டியில, 7 மற்றப் பெட்டியில.

இதுக்குள்ள தமிழ்நாட்டு முகாமில இருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளையளும் வகுப்பில இருக்கினம். அவை அதே எண்ணை 47,50,000 எண்டு எழுதுவினம். எண் சரி, கமாதான் வேற. பக்கத்தில இருக்கிற பிள்ளை எட்டிப் பாத்திட்டு "சேர் இவன் பிழையா எழுதியிருக்கிறான்" எண்டும், மற்றவன் "நீதான் பிழை" எண்டும் ஒரே சண்டை.

சரி, இந்தியத் தாளை முதல் குடுத்துப் பழக்கிப்போட்டுப் பிறகு மில்லியன் தாளுக்கு மாறினா என்ன நடக்குது எண்டதுதான் நான் முக்கியமாச் சொல்ல வந்தது. சொல்வதெழுதலா "மூண்டு லட்சத்து ஐயாயிரம்" எண்டு சொன்னன் எண்டு வையுங்கோ. பிள்ளை இந்தியத் தாளில 3 | 05 | 000 எண்டு வடிவா போட்டிடும். அதை மில்லியன் தாளுக்கு மாத்தச் சொன்னா, ஒவ்வொரு வலயத்திலயும் மூண்டு இலக்கம் கட்டாயம் எண்டு படிச்சிருக்குத்தானே, 05ஐ 005 ஆக்கிப்போட்டு 3 | 005 | 000 எண்டு நிரப்பும். இப்ப அது 3,005,000, அதாவது முப்பது லட்சத்து ஐயாயிரம். பிள்ளை எந்த இலக்கத்தையும் மாத்தேல்ல, ஒரு சைபர்தான் கூடப் போட்டது, கேட்டா தாளில வெறுமையா விடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள் எண்டு சொல்லும், அதுவும் நியாயம்தான்.

கோடியில இது இன்னும் மோசம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில இலங்கைச் சனம் 20,359,439. இந்தியத் தாளில 2 | 03 | 59 | 439. இதை அப்பிடியே வலயத்துக்குத் தூக்கி வைச்சா லட்சப் பெட்டிக்கு ஒரு சைபர், ஆயிரப் பெட்டிக்கு ஒரு சைபர், 2 | 003 | 059 | 439 ஆயிடும். ரெண்டு பில்லியன் சனம்! லட்சத்தில பிழைச்சா கிட்டத்தட்டப் பத்து மடங்கு, கோடியில பிழைச்சா நூறு மடங்கு எண்டு ஒரு ஒழுங்கில வரும், அதனால விடையைப் பாத்த உடனேயே பிள்ளை என்ன செய்தது எண்டு எனக்கு விளங்கிடும். பிள்ளை தானே பிடிக்கிறதுக்கு நான் குடுத்த வழி இலக்கத்தை எண்ணுறது. லட்சம் எண்டா ஆறு இலக்கம், பத்து லட்சம் ஏழு, கோடி எட்டு. மூண்டு லட்சத்து ஐயாயிரம் எண்டு சொல்லிப்போட்டு தாளில ஏழு இலக்கம் நிண்டா எங்கயோ சைபர் கூடிப்போச்சு. இதைக் கமாவைப் பாக்காமலே செய்யலாம், அதுதான் நல்லது.

இதுக்குப் பிறகு ரெண்டு தாளையும் தனித்தனியாக் குடுக்கிறதை விட்டிட்டு ஒரே தாளாக் கீறினன். நடுவில ஒரே ஒரு வரிசை, பன்னிரண்டு பெட்டி, இலக்கம் எழுதுறது அதில மட்டும். மேல மில்லியன் முறைப் பேர்கள், கீழ லட்சம் கோடிப் பேர்கள். மேல்கோடு சிவப்பு, மூண்டு மூண்டா. கீழ்க்கோடு நீலம், மூண்டு, ரெண்டு, ரெண்டு, அதுக்குப் பிறகு கோடியில எத்தனை இலக்கம் வந்தாலும் ஒரே கட்டு. இலக்கம் அசையாது, கோடுதான் மாறுது, அதால சைபர் கூடப் போட இடமே இல்ல.

இந்தத் தாளை மேசையில வைச்சுப் பாத்தா இன்னொண்டும் தெரியும். வலப்பக்கத்தில இருந்து முதல் மூண்டு இலக்கத்துக்குப் பிறகு சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில விழும், ஆயிரத்தில ரெண்டு முறைக்கும் சண்டை இல்ல. அதுக்குப் பிறகு லட்சக்கோடு ஆயிரம் வலயத்தின்ர வயித்துக்குள்ளயும் கோடிக்கோடு மில்லியன் வலயத்துக்குள்ளயும் விழுகுது. பிள்ளையள் தடுமாறுறது முழுக்க இந்த இடைப்பட்ட துண்டிலதான். பேந்து சிவப்பு பில்லியனில நிக்கிற இடம்தான் கீழ நூறு கோடி, அங்க நீலக்கோடு இல்லாட்டியும் பெட்டி ஒண்டுதான். இதைக் காட்டினாப் பிறகு "ஒரு பில்லியன் எண்டா நூறு கோடி" எண்டதைப் பாடமாக்கத் தேவையில்ல, விரல் வைச்சுப் பாத்தே சொல்லுவினம்.

அதே சனத்தொகையை இந்தத் தாளில போட்டு வாசிக்கச் சொல்லுறன். மேல பாத்து: இருபது மில்லியன் முன்னூற்று ஐம்பத்தொன்பதாயிரத்து நானூற்று முப்பத்தொன்பது. கீழ பாத்து: இரண்டு கோடியே மூன்று லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து நானூற்று முப்பத்தொன்பது. கடைசி நானூற்று முப்பத்தொன்பது ரெண்டிலயும் ஒண்டு. ஐம்பத்தொன்பதும் ரெண்டிலயும் கேக்குது, அதுக்கு முன்னால இருந்த 3 மேல முன்னூறா ஆயிரத்தோட நிக்குது, கீழ மூன்று லட்சமாத் தனியப் போட்டுது. இதை ஒருக்கா வாய்விட்டு வாசிச்ச பிள்ளைக்கு நூறாயிரமும் லட்சமும் ஒரே பெட்டி எண்டு நான் விளங்கப்படுத்த வேண்டியதில்ல.

எந்த முறை நல்லது எண்டு கேட்டா எண்ணைப் பொறுத்தது எண்டுதான் சொல்லுவன். காசுக்கணக்கு, காணி விலை, நெல் வித்த காசு, இதுகள் சில கோடிக்குள்ள நிக்கிறது, லட்சத்தில வாசிச்சாத்தான் பிள்ளைக்கு மனசில ஏறுது, வீட்டில கேட்டுப் பழகினதும் அதுதானே. தண்ணிக்கணக்கு வந்தா நிலைமை மாறும். இரணைமடுக்குளத்தின்ர பழைய கொள்ளளவு சுமார் 131 மில்லியன் கன மீற்றர் எண்டு சொல்லுவினம். கோடியில 13 கோடியே 10 லட்சம், அதுவரைக்கும் பரவாயில்ல. லீற்றரில எவ்வளவு எண்டு ஒரு பெடியன் கேட்டிட்டான். ஆயிரத்தால பெருக்கினா மேல சிவப்பில 131 அப்பிடியே ஒரு வலயம் நகந்து 131 பில்லியன் லீற்றர் ஆகுது, கீழ நீலத்தில பதின்மூவாயிரத்து நூறு கோடி, திரும்பவும் கோடிக்குள்ள ஒரு ஆயிரம் முளைக்குது. கன மீற்றர், லீற்றர் எண்டு ஆயிரத்தால பெருக்கிப் பிரிக்கிற அலகுகளுக்கு மூண்டு வலயம் பொருத்தம், நான் அதில கோடியைக் கொண்டு வாறதே இல்ல.

விடைத்தாள் எக்செல்லிலதான் அடிக்கிறன். சாதாரணமா மூண்டுக்கு ஒரு கமாதான் வரும், நீலக்கோட்டு விடையும் பக்கத்தில தேவையெண்டா கலத்தின்ர வடிவத்தை கஸ்டம் எண்டதில போய் இப்பிடிக் குடுங்கோ:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

20359439 எண்டு அடிச்சா 2,03,59,439 எண்டு காட்டும். இந்தியாவின்ர 2011 சனத்தொகை 1210854977ஐ அடிச்சா 121,08,54,977 எண்டு வரும், 121 கோடியே 8 லட்சம் எண்டு வாயால வாசிக்கிற மாதிரியே. ஒரு குறை, கழித்தல் எண் போட்டா இது வேலை செய்யாது. கடன் எண்டு -2500000 அடிச்சுப் பாத்தன், -2,500,000 எண்டு பழையபடி மூண்டு மூண்டா வந்திச்சு, ஏனெண்டா அந்தப் பெறுமதி ஒரு லட்சத்திலும் கூட இல்லையே, கடைசித் துண்டுக்குப் போயிடுது. பிள்ளையளின்ர தாளுக்கு அது தேவைப்படாது, வீட்டுக் கணக்குக்குப் பாவிக்கிறாக்கள் கவனிக்கோணும்.

தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ4ஐ அகலப்பக்கமாப் போட்டாத்தான் பன்னிரண்டு பெட்டி பிள்ளையின்ர கையெழுத்துக்குக் காணும். கலர் பிரிண்டுக்கு வசதியில்லாட்டி நீலத்தை முறிஞ்ச கோடாப் போடுங்கோ, சிவப்பை மொத்தக் கோடா, போட்டோக்கொப்பியில கலர் எல்லாம் ஒரே கறுப்பாத்தான் விழும், நான் குடுத்த முதல் கட்டில எது எந்தக் கோடு எண்டு பிள்ளையள் கேட்டபடி. லமினேட் பண்ணினா அழிச்சு அழிச்சு எழுதலாம், எண்டாலும் வெள்ளைப்பலகை மாக்கரை இரவு அழிக்காமல் விட்டா சைபர் மாதிரி ஒரு நிழல் நிண்டிடுது, பெரிய எண் எழுதுற தாளில அது நிண்டாக் காணும், அடுத்த நாள் மூண்டு லட்சம் முப்பது லட்சமாத்தான் இருக்கும். ஸ்பிரிட் தொட்ட துணியால துடைச்சாப் போகும்.