டேங்க் ஃபுல் கணக்கு: மூன்று வருட அனுபவம்

என்னுடையது 37 லிட்டர் டேங்க் கொண்ட 1.2 லிட்டர் பெட்ரோல் கார். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பாமல், மூன்று வருடமாக டேங்க் ஃபுல் முறையில்தான் கணக்கு பார்க்கிறேன். முறை எளிது. நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும். ஓட்டிவிட்டு மறுபடி அதேபோல் நிரப்பினால், பில்லில் உள்ள லிட்டர்தான் நாம் செலவழித்தது. ஓடிய கிலோமீட்டரை அதால் வகுத்தால் மைலேஜ்.

தொடக்கத்தில் எனக்கு இது குழப்பமாக இருந்தது. 140 கிலோமீட்டர் ஓட்டி நிரப்பியபோது 8 லிட்டர்தான் பிடித்தது. மைலேஜ் 17.5! அடுத்த முறை 128 கிலோமீட்டருக்கு 10.4 லிட்டர், அதாவது 12.3. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. பங்க்கில் தரை சற்றுச் சாய்ந்திருந்தாலோ, பெட்ரோல் வேகமாக விழுந்தாலோ நாசில் சீக்கிரம் நின்றுவிடும். 8 லிட்டர் கணக்கில் ஒரு லிட்டர் பிசகு என்பது பெரிய பிசகு. நின்ற பிறகு "ரவுண்டா போட்டுடவா சார்" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அளவும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோலே போய்விடவும் கூடும்.

அப்புறம் ஒரே பங்க், ஒரே பம்ப் என்று வைத்துக்கொண்டேன். முக்கியமாக, நான்கு நிரப்பலைச் சேர்த்தே வகுக்கிறேன். போன நான்கில் தனித்தனியாக 13.6, 14.9, 13.7, 14.2 என்று வந்தது. மொத்தம் 1625 கிலோமீட்டருக்கு 115.3 லிட்டர், அதாவது 14.1. இடையில் ஒருமுறை குறைவாக நிரம்பினால் அடுத்த முறை அது கூடுதலாகப் பிடித்துவிடும். அதனால் முதல் நிரப்பலும் கடைசி நிரப்பலும் மட்டும்தான் மொத்தக் கணக்கைப் பாதிக்கும்.

இது ஊருக்குள் ஓடும் மைலேஜ். நெடுஞ்சாலைக்குத் தனியாக எடுத்து வைத்திருப்பது 18.2. இரண்டையும் கலந்து ஒரு சராசரி போட்டால் பயணக் கணக்கு தப்பிவிடும்.

போன மாதம் மதுரையிலிருந்து சென்னை போய்வந்தோம். ஒரு வழிக்கு 460 கிலோமீட்டர் என்று வைத்து, போகவர 920-ஐ 18.2-ஆல் வகுத்தேன்: 50.5 லிட்டர். சென்னைக்குள் 90 கிலோமீட்டருக்கு 6.4. ஆக 57 லிட்டர். ஒரு வழிக்கு 25 லிட்டர் போதும் என்பதால், டேங்க் ஃபுல்லோடு கிளம்பி வழியில் எங்கும் பெட்ரோலுக்கு நிற்கவில்லை. சென்னையில் நிரப்பிக்கொண்டு திரும்பினோம்.

ஊருக்கு வந்து நிரப்பிப் பார்த்தால் மொத்தம் 59.6 லிட்டர். 2.6 கூடுதல். 18.2 என்பது நானும் மனைவியும் மட்டும் 90-ல் ஓட்டி எடுத்த அளவு. இந்த முறை நான்கு பேர், டிக்கி நிறையச் சாமான், திரும்பும்போது 110 வேகம். சென்னை நெரிசலும் மதுரையைவிட அதிகம். அதனால் இப்போது ஆள் நிறைந்து போகும் பயணத்துக்கு 17.5 என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன்.