ஒலிப்பதிவுப் பாடத்தைக் கிளைகளாக்கும்போது: மூன்று வரைபடங்கள், ஓர் ஒப்பீட்டு அலசல்

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகளுக்குப் படமாகப் பார்த்தால்தான் பாடம் மனத்தில் தங்கும். அவளுடைய ஆசிரியை இரத்தத்தையும் இதயத்தையும் பற்றி நடத்திய 38 நிமிட ஒலிப்பதிவை ஒரே தாளில் அடக்கித் தரவேண்டியிருந்தது. மையத்திலிருந்து நாற்புறமும் விரியும் மனவரைபடம், இடமிருந்து வலமாகப் பிரியும் கிளைப்படம், அம்புக்குறியின்மேல் வினைச்சொல் எழுதப்படும் கருத்துவரைபடம் ஆகிய மூன்றையும் அதே பாடத்துக்கு வரைந்து பார்த்தேன்.

எந்த வடிவமானாலும் முதல்முறை கேட்கும்போது வரையக்கூடாது. பேச்சின் வரிசை வேறு, பாடத்தின் அமைப்பு வேறு. இந்தப் பதிவில் ஆசிரியை 9ஆம் நிமிடத்தில் டெங்குக் காய்ச்சலைப் பற்றிப் பேசும்போது இரத்தத் தட்டுகள் குறைவதைச் சொல்லிவிட்டு, 16ஆம் நிமிடத்தில்தான் தட்டுகள் என்றால் என்ன என்று விளக்குகிறார். கேட்டபடியே வரைந்திருந்தால் ஒரே பொருள் இரண்டு கிளைகளில் தொங்கியிருக்கும். ஆகவே, முதல் முறை நேரத்தையும் தலைப்பையும் மட்டும் குறித்துக்கொண்டு, “இரண்டு வகை”, “முன்பே சொன்னேன்”, “இது ஒன்று மட்டும் விதிவிலக்கு” போன்ற சொற்கள் வரும் இடங்களில் அடையாளமிட்டேன். கிளை பிரியும் இடங்களை அந்தச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

1970களில் டோனி புசான் பரவலாக்கிய மனவரைபடம் பார்க்க அழகானது. ஒரு கிளைக்கு ஒரு சொல் என்பது அதன் விதி. ‘வெள்ளையணுக்கள்’, ‘நியூட்ரோஃபில்கள்’ போன்ற நீண்ட சொற்களை வளைந்த கோடுகளின்மேல் எழுதியபோது நான்காம் நிலையிலேயே இடம் தீர்ந்துவிட்டது. தாளைத் திருப்பித் திருப்பிப் படிக்கவேண்டியிருந்ததால் பார்த்துப் படிக்கும் வசதியே அடிபட்டுப்போனது.

கிளைப்படத்தில் எழுத்து எப்போதும் நேராக நிற்கும். வகைப்பாடே நிறைந்த முதல் 17 நிமிடங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது:

```
இரத்தம்
├─ பிளாஸ்மா, சுமார் 55%  [03:10]
└─ இரத்த அணுக்கள், சுமார் 45%
   ├─ சிவப்பணுக்கள்  [05:20]
   ├─ வெள்ளையணுக்கள்  [10:40]
   │  ├─ துகள்கள் உள்ளவை
   │  └─ துகள்கள் அற்றவை
   └─ இரத்தத் தட்டுகள்  [16:05; டெங்கு 09:00]
```

சதுர அடைப்பில் உள்ள நேரக்குறிப்புதான் ஒலிப்பதிவு தரும் தனி வசதி. ஐயம் வந்தால் முழுப் பாடத்தையும் கேட்காமல் அந்த இடத்துக்கு மட்டும் போகலாம்.

இதயப் பகுதிக்கு வந்ததும் இந்த வடிவம் கைவிட்டது. இதயம், வலப்பக்கம், இடப்பக்கம், ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்று பிரித்தபோது அறைகளின் பெயர்களை அவள் தவறில்லாமல் சொன்னாள். ஆனால் நுரையீரலுக்குப் போன இரத்தம் அடுத்து எங்கே போகும் என்று கேட்டால், வலது ஆரிக்கிளுக்கு என்றாள். படத்தில் நுரையீரல் வலக்கிளையின் நுனியில் தொங்கியது. நுனியிலிருந்து திரும்பும் வழி கிளைப்படத்தில் கிடையாது. ஒரு கிளையின் நுனிக்குப் பின் ‘பிறகு’ என்று எழுதத் தோன்றினாலே, அந்தப் பகுதி வகைப்பாடு அல்ல, நிகழ்வோட்டம் என்று தெரிந்துகொள்ளலாம்.

இதைவிடப் பெரிய தவறு ‘தமனிகள்: ஆக்சிஜன் மிகுந்த இரத்தம்’ என்ற கிளையில் நேர்ந்தது. அதன் கீழே நுரையீரல் தமனியைத் தொங்கவிட்டதும் படம் பொய் சொல்லத் தொடங்கியது, ஏனெனில் அதில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்வது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை என்பதுதான் சரியான பிரிவு.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் நோவாக் குழுவினர் 1970களில் உருவாக்கிய கருத்துவரைபடம் இங்கே கைகொடுத்தது. வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரல் தமனிக்குச் செல்லும் நீல அம்பின்மேல் ‘ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைத் தள்ளுகிறது’ என்றும், நுரையீரல் சிரையிலிருந்து இடது ஆரிக்கிளுக்கு வரும் சிவப்பு அம்பின்மேல் ‘ஆக்சிஜன் ஏற்றதைக் கொண்டுவருகிறது’ என்றும் எழுதியதும் சுற்று மூடியது. இதற்கு உழைப்பு அதிகம்; மூன்று முறை அழித்து வரைந்தேன். எல்லா அம்புகளின்மேலும் ‘செல்கிறது’ என்றே எழுத நேர்ந்தால், வரைபவருக்கே அந்தப் பகுதி விளங்கவில்லை என்று பொருள். எனக்கும் முதல்முறை அப்படித்தான் நேர்ந்தது. வால்வுகள் பற்றிய 26ஆம் நிமிடத்தை மறுபடி கேட்ட பிறகே வினைச்சொற்கள் வேறுபட்டன.

ஆகவே, தாளின் இடப்பாதியில் கிளைப்படத்தையும் வலப்பாதியில் கருத்துவரைபடத்தையும் வைத்து, மனவரைபடத்தை விட்டுவிட்டேன். அம்புகளின் சொற்களை மட்டும் நீக்கிய பிரதி ஒன்றையும் அவளிடம் கொடுத்தேன். பதிவைக் கேட்டபடி அவள் நிரப்பியதில் நுரையீரலிலிருந்து இடது ஆரிக்கிள் வரும் பாதை மட்டும் வெறுமையாக இருந்தது. அதன் அருகில் 31:40 என்று எழுதிக் கொடுத்தேன்.