கடைசி 300 மீட்டர்: கிளம்பும் முன்பே நடந்து பார்ப்பது

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும்போது, சொந்தக்காரர்கள் புதிதாகக் குடிபோன வீட்டைத் தேடுவதில் பெரும்பாலும் கடைசித் திருப்பத்தில்தான் தடுமாற்றம் வருகிறது. தெருவின் படங்களைக் காட்டும் கூகுள் மேப்ஸின் ஸ்ட்ரீட் வியூவில் அந்தக் கடைசித் தூரத்தை முன்பே நடந்து பார்த்துவிடலாம். ஆனால் நேராக வாசலில் இறங்கிப் பார்ப்பதில் பயன் குறைவு. டாக்ஸி எந்தப் பக்கமிருந்து வருமோ அந்த முனையில் தொடங்கி, அதே திசையில் வர வேண்டும். எதிர்த்திசையில் பார்த்துப் பழகினால் இடமும் வலமும் மாறிவிடும்.

முதலில் வரைபடத்தில் வீட்டைக் காட்டும் முள்ளை நம்பலாமா என்று பாருங்கள். கதவு எண் சரியாகப் பதிவாகாத இடங்களில் முள் தெருவின் நடுவில் போய் நிற்கும். வீட்டுக்காரரிடம் இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்குள் இருந்து அனுப்பினால் சில மீட்டர் தள்ளிக் காட்டலாம், அதனால் கேட்டுக்கு வெளியே நின்று அனுப்புவது நல்லது.

ஒரு உதாரணம். பிரதான சாலையில் இறங்கி, இடதுபுறம் மூன்றாவது சந்தில் திரும்ப வேண்டும். படத்தில் முன்னேறிக்கொண்டே இடப்பக்கச் சந்துகளை எண்ணுங்கள். வண்டி நுழையாத முடுக்குகளையும் சேர்த்து எண்ண வேண்டும், நேரில் அவையும் சந்தாகத்தான் தெரியும். திரும்பும் மூலைக்கு ஒரு அடையாளம் போதும். அதைவிட முக்கியம், அந்த மூலையைத் தாண்டி நாற்பது ஐம்பது மீட்டரில் இருக்கும் ஏதாவது ஒன்று. அது கண்ணில் பட்டால் தாண்டிவிட்டோம் என்று உடனே தெரியும். பலர் இதைக் குறித்துக்கொள்வதில்லை, அதனால்தான் தவறிய பிறகும் வெகுதூரம் போய்விடுகிறார்கள்.

அடையாளமாகக் கடைப் பலகையையும் சுவரின் நிறத்தையும் எடுக்காதீர்கள். படம் எடுத்த மாதமும் வருடமும் திரையிலேயே இருக்கும். நான்கைந்து வருடப் பழைய படமென்றால் அவை மாறியிருக்க வாய்ப்பு அதிகம். சாலையின் வளைவு, மேல்நிலைத் தொட்டி, டிரான்ஸ்ஃபார்மர் போன்றவை அவ்வளவு எளிதில் இடம் மாறா. இரவில் இறங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். படங்கள் பகலில் எடுத்தவை. உயரத்தில் இருக்கும் தொட்டி இருட்டில் தெரியாமல் போகலாம். அப்போது சந்துகளின் எண்ணிக்கைதான் கைகொடுக்கும்.

கேமரா காரின் கூரைமேல் இருப்பதால், படத்தில் மதிலுக்கு மேல் தெரியும் வீடு நடந்து போகும்போது மறைந்திருக்கும். வீட்டை அல்ல, கேட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் ஸ்ட்ரீட் வியூ உள்ள தெருக்களைக் காட்டும் நீலக்கோடு சந்துக்குள் போகவில்லை என்றால் அங்கே படம் இல்லை என்று பொருள். செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, தூரம் அளக்கும் வசதியால் மூலையிலிருந்து கேட்டுவரை அளந்துகொள்ளலாம். 60 மீட்டர் என்று வந்தால் நடையில் ஏறக்குறைய எண்பது காலடிகள்.

தொடங்கும் முனை, திரும்பும் மூலை, தாண்டியதைக் காட்டும் இடம், கேட். இந்த நான்கையும் வரிசையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனில் வைத்திருங்கள். உள்ளூர் சிம் போடும்வரை டேட்டா இல்லாமல் போகலாம், ஸ்ட்ரீட் வியூ ஆஃப்லைனில் திறக்காது.