வாஷிங் மெஷின் பாயிண்ட்: பால்கனியா, பாத்ரூமா?

புது மெஷின் வருகிறது, ஒரு பைப் பாயிண்ட் போட்டுத் தாருங்கள் என்று கேட்டால், சென்னையில் பல ஹவுஸ் ஓனர்கள் முதலில் பால்கனியைத்தான் காட்டுவார்கள். இடம் இருக்கிறது, துணி காயப்போடவும் பக்கம், தரையில் ஓட்டையும் இருக்கிறது. சரி, அந்த ஓட்டை எங்கே போகிறது?

பல அடுக்குமாடிகளில் அது மழைநீர்க் குழாயில் சேர்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், அந்தக் குழாய் பெரும்பாலும் உறைகிணற்றிலோ கசிவுக் குழியிலோ முடியும். மெஷினை அதில் இணைத்தால் சோப்புத் தண்ணீர் நேராக நிலத்தடிக்குப் போகும். கட்டடத்தின் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் அது நல்லதல்ல. சோதிப்பது எளிது: ஒரு பக்கெட் தண்ணீரில் மஞ்சள்தூள் கரைத்து ஊற்றுங்கள், கீழே ஒருவர் மழைநீர்க் குழியையும் சாக்கடை சேம்பரையும் திறந்து பார்க்கட்டும். மஞ்சள் நீர் குழியில் வந்தால் பால்கனியை விட்டுவிடுங்கள். சேம்பரில் வந்தால் தாராளமாக அங்கேயே வைக்கலாம். தண்ணீர் வரும் லைனை மட்டும் பாத்ரூமிலிருந்து சுவரில் துளை போட்டு இழுக்க வேண்டியிருக்கும்.

பாத்ரூமில் கழிவுநீர் சரியான வழியில்தான் போகும். இருக்கும் குழாயில் டூ-வே ஆங்கிள் காக் மாட்டினால் சுவரை உடைக்கவும் வேண்டாம். சிக்கல் டிரெயின் ஹோஸில்தான். அதைத் தரையில் போட்டுவிடுவது வழக்கம். ஃப்ரண்ட் லோடில் அப்படிச் செய்தால், தண்ணீர் நிரம்ப நிரம்ப ஹோஸ் வழியே தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். மெஷின் தண்ணீர் எடுத்தபடியே நிற்கும், துவைக்கத் தொடங்காது. பல மாடல்களுக்கு ஹோஸ் முனை தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். எனவே 40 மி.மீ. பிவிசி குழாய் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தி, அடிமுனையைத் தரை ஜாலிக்குக் கீழே டிராப்பில் விடச் சொல்லுங்கள். மேலே ஹோஸைச் சுற்றி டேப் போட்டு இறுக்கிவிடக் கூடாது. காற்று புக இடைவெளி இருந்தால்தான் தண்ணீர் தானாக உறிஞ்சி இழுபடாது. டிராப்பில் முடி அடைத்திருந்தால் பம்ப் தள்ளும் வேகத்துக்குப் பாத்ரூம் நிரம்பிவிடும், அதை முதலில் எடுத்துவிடுங்கள். 16 ஆம்பியர் பிளக் மட்டும் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும்.

மஞ்சள் சோதனையில் பால்கனி தேறாவிட்டால் என் ஓட்டு பாத்ரூமுக்கே. ஓனரையும் சம்மதிக்க வைப்பது சுலபம், செலவு குறைவு. சுவரோடு நிற்கும் பைப் அவர் பங்கு, ஹோஸும் அடாப்டரும் நம் பங்கு என்று பிரித்துக்கொள்வதே நியாயம். வாய்ப்பேச்சோடு விடாமல் இப்படி ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள்:

“சார், வாஷிங் மெஷினுக்கு காமன் பாத்ரூமில் டூ-வே காக்கும், நிமிர்ந்த டிரெயின் பைப்பும் போட வேண்டும். சுவர் உடைப்பு இல்லை. நீங்கள் பிளம்பரை அனுப்புகிறீர்களா, இல்லை நான் போட்டுவிட்டு பில்லை வாடகையில் கழிக்கட்டுமா? சரி என்றால் பதில் போடுங்கள் சார்.”