பதினெட்டு அங்குலத்துக்குள் ஒரு கட்டில்: சென்னைப் பயண அனுபவம்

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு ஊர் வரும் பலரைப் போல, இந்த முறை எனக்கும் அம்மாவின் வீட்டில் ஒரு வேலை காத்திருந்தது. நங்கநல்லூர் அடுக்ககத்தில் அவர் தனியாகப் படுக்கும் அறையில் பழைய தேக்குக் கட்டிலை மாற்றி, அடியில் நிறையப் பொருள் வைக்கக்கூடிய புதிய கட்டில் ஒன்றைப் போட வேண்டும். அறை பத்தடி நீளம், ஒன்பதடி அகலம். ஒன்பதடிப் பக்கத்தில் சுவரோடு சேர்ந்த அலமாரி இரண்டடி ஆழத்தை எடுத்துக்கொள்வதால், கட்டிலுக்கும் நடப்பதற்கும் சேர்த்து மிஞ்சுவது ஏழடி, அதாவது 84 அங்குலம். கடை, தச்சர், மெத்தைக் கடை என மூன்று இடங்களில் கிடைத்த சேவையைப் பற்றியும், அங்கே பேசிப் பேசித் தெளிந்த அளவுக் கணக்கைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போனது ஒரு பெரிய கட்டில் கடைக்கு. விற்பனையாளர் பொறுமையானவர், ஹைட்ராலிக் கட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். அடியில் கட்டிலின் பரப்பு முழுவதும் ஒரே பெட்டியாகத் திறந்துகொள்வதைப் பார்க்கும்போது இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நான் பார்த்த மாதிரியில் பெட்டியின் உயரம் 14 அங்குலம், அதன்மேல் 8 அங்குல மெத்தை. மெத்தை விளிம்புக்குள் ஓரங்குலம் இறங்கி உட்கார்ந்திருந்தது. தரையில் இருந்து மேல்பரப்பு 21 அங்குலம். அம்மாவை அதில் உட்காரச் சொன்னபோது அவருடைய பாதம் தரையில் முழுமையாகப் படவில்லை, விரல்நுனி மட்டும்தான் பட்டது. அதோடு, உள்ளே இருக்கும் ஒரு போர்வையை எடுக்க மெத்தையோடு சேர்த்துப் பலகையைத் தூக்க வேண்டும். கேஸ் ஸ்டிரட் எனப்படும் அந்தத் தண்டுகள் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்கினாலும், தூக்கத் தொடங்கும் முதல் சில அங்குலங்களுக்குக் கையின் பலம்தான் வேண்டியிருக்கிறது. கடையில் இருந்த இலேசான ஃபோம் மெத்தைக்குப் பொருந்திய தண்டு, வீட்டில் இருக்கும் கனமான தென்னைநார் மெத்தைக்குப் போதாமல் போகலாம். அப்படிப் போதாததற்கு அடையாளம், பாதியில் விட்டால் பலகை அங்கேயே நிற்காமல் மெல்லக் கீழே இறங்குவது.

அதன்பிறகு பார்த்த தச்சர் வேறு விதமாகத் தொடங்கினார். "பதினெட்டு இன்ச் பாக்ஸ் போட்டுக்கலாம் சார், சாமான் எல்லாம் உள்ள போயிடும்" என்றார். ஊரில் இதுதான் வழக்கமான பதில். பெட்டி 18, மெத்தை 6 என்றால் 24 அங்குலம். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும் கட்டில் அந்த உயரத்தில் இருக்கக்கூடாது. அதனால் பெட்டியின் ஆழத்தில் தொடங்காமல் அம்மாவின் காலில் தொடங்கினோம். செருப்பில்லாமல் நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் இருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தோம்: பதினாறரை அங்குலம். கட்டிலின் மேல்பரப்பு இந்த அளவுக்குச் சமமாகவோ, அதைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாகவோ இருந்தால் உட்காரவும் எழவும் எளிது. உட்காரும்போது மெத்தையின் ஓரம் ஏறத்தாழ ஓரங்குலம் அமுங்கும் என்பதையும் சேர்த்தால் 18 அங்குலம் சரியாக வருகிறது. இனி எல்லாம் இந்தப் பதினெட்டுக்குள் நடக்க வேண்டிய கழித்தல்தான்.

மெத்தை 8 அங்குலம் என்றால் பெட்டிக்கு மிஞ்சுவது 10. மெத்தை 5 என்றால் 13. சேமிப்பிடத்தைத் தின்பது மெத்தைதான் என்பது இந்தக் கணக்கைப் போடும்வரை பலருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் கட்டிலைச் செய்துவிட்டுப் பிறகு மெத்தை வாங்கப் போகக்கூடாது. நாங்கள் உறுதியான 5 அங்குல ஃபோம் மெத்தையை எடுத்தோம். மீதமுள்ள 13 அங்குலத்தில் மேல்பலகைக்கு முக்கால் அங்குலம், அடிப்பலகைக்கு அரை அங்குலம், தரையில் இருந்து பெட்டியை உயர்த்திவைக்க 2 அங்குலம் போனால், உள்ளே கிடைக்கும் நிகர உயரம் ஒன்பதே முக்கால் அங்குலம். விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் சிறிய பெட்டி ஏறக்குறைய 9 அங்குலப் பருமன் உள்ளது. படுக்கவைத்தால் உள்ளே போகும். நம்மவர்கள் ஊரில் விட்டுப்போகும் பெரிய சூட்கேஸ் படுக்கவைத்தாலும் 12 அங்குலத்துக்குக் குறையாது, அது போகாது. அதைப் பரணில் ஏற்றிவிடுவதே சரி. ஒரு சூட்கேஸுக்காகத் தினமும் படுக்கும் கட்டிலை மூன்று அங்குலம் உயர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது அகலம். இங்கே மெத்தைகள் பெரும்பாலும் 72, 75, 78 அங்குல நீளங்களில், 36, 48, 60, 72 அங்குல அகலங்களில் கிடைக்கின்றன. குயின் என்று ஒரு கடை சொல்வது 60க்கு 75, இன்னொரு கடை சொல்வது 60க்கு 78. ஆகவே பெயரை விட்டுவிட்டு அங்குலத்தில் மட்டும் பேசுவது நல்லது. அம்மாவுக்கு முதலில் 60 அங்குலக் கட்டில்தான் ஆசை, பேரப்பிள்ளைகள் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் என்பதற்காக. ஆனால் அறையின் 84 அங்குலத்தில், வெளிச்சுவரின் ஈரம் படாமல் இருக்க விடும் இரண்டு அங்குல இடைவெளியையும் 60 அங்குலக் கட்டிலையும் கழித்தால் 22 அங்குலம்தான் மிஞ்சுகிறது. கட்டிலின் பக்கவாட்டில் வைக்க நினைத்த இரண்டு டிராயர்களில் ஒன்றை முழுவதும் இழுத்தால் அது கட்டிலின் ஓரத்தைத் தாண்டி 18 அங்குலம் நீளும். எஞ்சும் நான்கு அங்குலத்தில் யாரும் நிற்க முடியாது. 48 அங்குலக் கட்டில் போட்டால் 34 அங்குலம் மிஞ்சும், டிராயர் நீண்டபிறகும் 16 அங்குலம் இருக்கும். பக்கத்து டிராயர் மூடியிருக்குமாதலால் அதன் முன்னால் நின்று வசதியாகக் குனிந்து எடுக்கலாம். அகலம் குறைந்தால் சேமிப்பும் குறையுமே என்று கேட்கலாம். சுவரை ஒட்டிப் போட்ட அகலமான கட்டிலின் அடியில் கை எட்டாத இடமே அதிகம், அதைச் சேமிப்பு என்று எண்ணுவதில் பொருளில்லை.

இதில் தச்சர் சொன்ன ஒரு செய்தி எனக்குப் புதியது. ப்ளைவுட் பலகை எட்டடிக்கு நாலடியாக வருவதால், 48க்கு 75 அங்குல மேல்பலகை முழுவதும் ஒரே பலகையில் வெட்டிக்கொள்ளலாம். 60 அங்குலம் என்றால் இன்னொரு பலகையை உடைக்க வேண்டும். பலகையை அவரோடு போய் நானே வாங்கினேன். தண்ணீர்ப் பக்கம் போகும் இடங்களுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும், ஐ.எஸ். 303 முத்திரையில் எம்.ஆர். என்று வருவது ஈரப்பதத்தைத் தாங்குமே தவிர, தினமும் துடைக்கும் தரைக்குப் பக்கத்தில் நெடுநாள் தாங்காது. தரையைத் தொடும் அந்த இரண்டு அங்குலத்துக்கு வெறும் மரம் வேண்டாம் என்று, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யூ.பி.சி. பலகையை வைத்தோம், அது நீரில் ஊறாது.

கட்டிலை நீளவாக்கில் நடுவே ஒரு தடுப்புப் பலகையால் இரண்டாகப் பிரித்தோம். அந்தத் தடுப்பே மேல்பலகையின் இணைப்பைத் தாங்குவதால் நடுவில் தொய்வு வராது. அறையைப் பார்த்த பாதியில் இரண்டு டிராயர்கள். அவற்றில் அன்றாடம் எடுக்கும் சேலை, துண்டு, படுக்கை விரிப்பு. சுவரோரப் பாதியில் மேலே இருந்து திறக்கும் மூன்று மூடிகள். அவற்றின் கீழே கொலு பொம்மைகள், விசேஷத்துக்கு மட்டும் இறங்கும் பாத்திரங்கள், விருந்தினர் போர்வைகள். மூடியைத் திறக்க இருவர் சேர்ந்து மெத்தையை நகர்த்த வேண்டும் என்பது குறைதான், ஆனால் ஆண்டுக்கு ஓரிரு முறை திறப்பதற்கு அது பொறுக்கக்கூடியது. ஒவ்வொரு மூடியிலும் விரல் நுழைய ஓரங்குலத் துளை உண்டு. தூக்கவும் அதுவே, காற்றோட்டத்துக்கும் அதுவே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றுப் புகாத பெட்டிக்குள் துணி பூஞ்சை வாடை பிடிப்பது சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

பெட்டிக் கட்டிலில் இருந்து எழுவது ஏன் சிரமமாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயரம் சரியாக இருந்தும் இந்தச் சிரமம் வரலாம். நாம் எழும்போது குதிகாலைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டுதான் எழுகிறோம். பக்கப்பலகை தரைவரை செங்குத்தாக இறங்கினால் காலுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. அதனால் மேல்பலகையை மட்டும் முழு அகலத்துக்கு விட்டு, டிராயரின் முகப்பை இரண்டு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னேன். "இடம் வீணாப் போகுது சார்" என்று தச்சர் இரண்டு தடவை வாதாடினார். அவர் சொன்னதும் உண்மையே. 24 அங்குலப் பாதியில் இதையும் முகப்பு, தடுப்புப் பலகைகளின் தடிமனையும் கழித்தால், டிராயர் ஓடும் தண்டவாளமான சேனலில் 20 அங்குல அளவுதான் பொருந்தும். ஆனாலும் அம்மா உட்கார்ந்து எழுந்து பார்த்தபிறகு அவரே ஒப்புக்கொண்டார். மெத்தை நழுவாமல் இருக்க எழுப்பும் விளிம்பைக் கால்மாட்டில் மட்டும் வைத்தோம். உட்காரும் பக்கத்தில் வைத்தால் அது தொடையின் அடியில் அழுத்தும். தலைமாட்டுக்கு அருகே மேசை போட்டால் முதல் டிராயர் திறக்காது என்பதால், கண்ணாடியும் தண்ணீரும் வைக்கச் சுவரில் ஒரு சிறிய தட்டு அடித்தோம்.

சேவை என்று பார்த்தால், தச்சர் மொட்டைமாடியில் வெட்டி, அறைக்குள் போல்ட் போட்டுப் பூட்டினார். இந்தக் கட்டடத்தின் மின்தூக்கியில் முழுக் கட்டில் நுழையாது, ஆகவே கடையில் வாங்குபவர்களும் கழற்றிப் பூட்டக்கூடியதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மைக்கா ஒட்டிய பசையின் வாடை அடங்கச் சில நாள்கள் ஆகும். ஊருக்குத் திரும்பும் தேதிக்கு நெருக்கமாக இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். சேனல் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை வெற்று டிராயரில் பார்த்துப் பயனில்லை. துணிகளை நிரப்பி, ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கோணிக்கொண்டு சிக்கினால் இரண்டு பக்கச் சேனலும் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். எங்கள் வீட்டில் இரண்டாவது டிராயர் அப்படித்தான் சிக்கியது, தச்சர் அங்கேயே திருகைத் தளர்த்திச் சரிசெய்து கொடுத்த பிறகே மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார்.