ஆறு வருட சோலர்: ஒரே ஒரு செல் 88 பாகை காட்டியபோது

உப்புவெளியில் எங்கள் கூரையில் 16 பனல்கள், 2019இல் போட்டவை. கடல் உப்பைக் கழுவுவதைத் தவிர ஐந்து வருடம் எந்த வேலையும் வைக்கவில்லை. போன மாரியில் இடிமின்னல் அடித்து ஓய்ந்த பிறகுதான், ஒரு வரிசையின் உற்பத்தி குறையத் தொடங்கியது. பக்கத்துத் தென்னையின் நிழல் விழும் பிற்பகலில் இன்னும் மோசம்.

வெப்பப் படம் எடுக்க வந்த தம்பி, நல்ல வெயிலில், நிழல் இல்லாத 11 மணிக்கு எடுத்தார். ஒரு பனலில் ஒரேயொரு செல் 88 பாகை, பக்கத்துச் செல்கள் 52. "செல்தான் போயிட்டுது அண்ணா, டயோட்டில பிழையில்லை" என்றார். காரணமும் சொன்னார். நிழல் விழுந்த செல்களைத் தவிர்த்து மின்னோட்டத்துக்கு மாற்று வழி விடுவது பைபாஸ் டயோட். 60 செல் பனலில் அது மூன்று, ஒவ்வொன்றும் 20 செல்லுக்குக் காவல். டயோட் ஷோர்ட் ஆனால் அந்த 20 செல்லும் சேர்ந்து சில பாகை சூடாகத் தெரியும், எதனோடும் இணைக்காமல் அளக்கும் பனலின் திறந்த வோல்ட்டும் மூன்றில் ஒரு பங்கு குறையும். எங்களுடையது 36 வோல்ட் காட்டியது. ஷோர்ட் என்றால் 24 அளவில்தான் நின்றிருக்கும்.

ஷோர்ட் இல்லை என்பது சரி. ஆனால் டயோட் இணைப்பு அறுந்தும் போகலாம். அப்போது வோல்ட் குறையாது, படத்திலும் டயோட் தெரியாது. அதன் வேலையே நிழல் விழும்போதுதான்.

அதைப் பார்க்க இன்வெர்ட்டரையும் டிசி ஐசொலேட்டரையும் நிறுத்தி, பனலைத் தனியாகக் கழற்றி, இரு முனையையும் சேர்த்து கிளாம்ப் மீட்டரால் அளந்தோம். 8.4 ஆம்பியர். பிறகு ஒவ்வொரு 20 செல் பகுதியிலும் ஒரு செல்லைத் தடித்த காட்போட் மட்டையால் முழுக்க மூடினோம். இரு ஓரப் பகுதிகளிலும் மின்னோட்டம் ஏறக்குறைய அப்படியே நின்றது. சூடான செல் இருந்த நடுப்பகுதியில் வேறொரு செல்லை மூடியதும் அரை ஆம்பியருக்குக் கீழே விழுந்தது. மின்னோட்டத்துக்கு மாற்று வழி இல்லை, டயோட் அறுந்திருந்தது. (பாதியாக வெட்டிய செல் உள்ள பனல்களில் இப்படிப் பூச்சியமாகாது, ஏறக்குறைய பாதிதான் குறையும்.)

டயோட்டை முறித்தது மின்னலாக இருக்கலாம் என்பது என் ஊகம். அதன்பின் ஓலை நிழல் விழுந்தபோதெல்லாம் மற்றச் செல்கள் தள்ளிய மின்சாரம் முழுவதும் அந்தச் செல்லிலேயே வெப்பமாக எரிந்திருக்கிறது. இரண்டுமே பழுது. ஒன்று மற்றதைக் கெடுத்திருக்கிறது.

எங்கள் ஜங்ஷன் பெட்டி பிசின் ஊற்றி மூடப்படாதது, அதனால் மூன்று டயோட்டையும் மாற்ற முடிந்தது, ஓலையையும் வெட்டினோம். மறுபடி எடுத்த படத்தில் அந்தச் செல் 66 பாகை. குறைந்தது, ஆனால் பக்கத்துச் செல்களின் அளவுக்கு வரவில்லை. பின்தாளில் பழுப்பாக ஒரு கொப்புளமும் எழும்பியிருந்தது. மழை நீர் இறங்கினால் மின்கசிவு வரும் என்று அந்தப் பனலை இறக்கிவிட்டேன். டயோட்டை மட்டும் முன்பே பார்த்திருந்தால் பனல் மிஞ்சியிருக்கும். இப்போது மாரிக்குப் பின் மட்டையோடு கூரைக்கு ஏறுகிறேன்.